கல்யாணச் சட்டையில வந்த சிவப்புக் கறை: எல்லாரும் கேக்குற கேள்விகளும் பதில்களும்

அண்ணே, அந்த மாப்ள சட்டை கதைய முழுசா ஒரு தடவை சொல்லுங்க, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க

சரி, நான் மதுரையில ஒரு லாண்டரியில கவுண்டர்ல உக்காந்து பில் போடுற ஆளு, சட்டைய காப்பாத்துனது நான் இல்ல, உள்ள கறை எடுக்குற டேபிள்ல நிக்கிற அக்கா. ஒரு நாள் கடை தொறந்து சாம்பிராணி கூட போடல, ஒரு தம்பி துணிப்பையோட வந்து நின்னாரு, கையில மருதாணி, விரல்ல புது மோதிரம், பாத்தாலே தெரியுது புது மாப்ளன்னு. பையில இருந்து எடுத்தது சந்தன கலர் பட்டு சட்டை, முகூர்த்தத்துக்கு போட்டது, பொண்ணு வீட்ல எடுத்துக் கொடுத்தது. இடது தோள்ல இருந்து நெஞ்சு வரைக்கும் உள்ளங்கை அகலத்துக்கு செங்கல் கலர்ல ஒரு கறை. "அண்ணே, மண்டபத்துல இருந்து வரும்போது இது இல்லவே இல்ல, ஹேங்கர்ல மாட்டி வச்சேன், மறுநாள் பாத்தா இப்படி இருக்கு, என்னன்னே தெரியல"ன்னாரு. ரெண்டு நாள்ல மறுவீடு, அதுக்கு அப்புறம் மாமனார் வீட்டு குலதெய்வம் கோயிலுக்கு அதே வேட்டி சட்டையோட வரணும்னு சொல்லிட்டாங்களாம். அத்தை கண்ணுல இது பட்டா என்ன ஆகும்னு அவருக்கு இருந்த பயம் தாலி கட்டும்போது கூட இருந்திருக்காது.

பாத்தவங்க எல்லாம் ஒவ்வொண்ணு சொன்னாங்க. குங்குமம்னு நான் சொன்னேன், வெத்தலைச் சாறுன்னு அயர்ன் பண்ற அண்ணன் சொன்னாரு, மாப்ள வந்து ரத்தமா இருக்குமோன்னு கேட்டாரு. அக்கா மட்டும் எதுவும் சொல்லல, சட்டைய மேஜைல விரிச்சு, நூல் எண்ணுறதுக்கு வச்சிருக்க சின்ன லென்ஸ வச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க, அப்புறம் மூக்குக்கு பக்கத்துல கொண்டு போனாங்க, கறை இருந்த இடத்த ரெண்டு விரல்ல கசக்கிப் பாத்தாங்க. கடைசியா கேட்டது ஒரே கேள்விதான், "தம்பி, வீட்ல யாரு இதுக்கு சோப்பு போட்டா?"

யாரும் போடலையேன்னாரு. போன் போட்டு கேளுங்கன்னாங்க. கேட்டா, சின்னம்மா ராத்திரி எல்லாரும் தூங்குனதுக்கு அப்புறம், தோள்ல லேசா மஞ்சளா இருக்கேன்னு, புள்ளைக்கு உதவியா இருக்கட்டும்னு துணி தேய்க்கிற கட்டி சோப்ப வச்சு நல்லா ஒரு தேய் தேய்ச்சு, அலசாம ஈரத்துணியால தொடச்சு மாட்டிட்டாங்க. மர்மம் அங்கேயே உடைஞ்சிருச்சு. அது மஞ்சள். அட்சதை மஞ்சள்.

மஞ்சள் எப்படிங்க சிவப்பா வரும்? நம்பவே முடியல

ஸ்கூல்ல மஞ்சள் தாளு செஞ்சு சோப்புத் தண்ணி ஊத்துனா செவந்து போகும்னு காட்டுவாங்கல்ல, அதேதான். மஞ்சள்ல இருக்குற குர்குமின்னு ஒரு சாயம், அது புளிப்பு பக்கமோ சாதாரண தண்ணியிலயோ இருந்தா மஞ்சளா இருக்கும், காரத்தன்மை ஏறுச்சுன்னா செங்கல் சிவப்புக்கு மாறிடும். துணி சோப்பு, சலவைத்தூள், சுண்ணாம்பு, சமையல் சோடா எல்லாமே காரம். ஆரத்தித் தட்டுல மஞ்சத் தண்ணில சுண்ணாம்பு போட்டதும் செவப்பா வருதுல்ல, இதுதான் விஷயம்.

இன்னொரு விஷயம், இது கறைய பெருசாக்கவும் செய்யும். மஞ்சளா இருக்குறப்ப குர்குமின் தண்ணியில கரையாது, எண்ணெயிலயும் சாராயத்துலயும்தான் கரையும். காரம் பட்டு செவந்துச்சுன்னா தண்ணியில கரைய ஆரம்பிச்சு நகரும். சின்னம்மா தேய்ச்சப்ப அட்சதைல வந்த சின்னச் சின்ன மஞ்சப் புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஓடிச் சேந்து ஒரே படையா ஆயிருச்சு. அதனாலதான் மாப்ளைக்கு "நேத்து இல்லவே இல்ல"ன்னு தோணிருக்கு, நேத்து இருந்துச்சு, ஆனா சந்தன கலர் மேல லேசான மஞ்சள், யாரு கண்ணுலயும் படல.

சோப்பு போட்டிருக்காங்கன்னு அக்கா எப்படி கண்டுபிடிச்சாங்க, ஜோசியமா?

ஜோசியம் எல்லாம் இல்ல, மூணு விஷயம் சேந்துச்சு. ஒண்ணு, விரல்ல கசக்குனப்ப அந்த இடம் மட்டும் மொறமொறன்னு இருந்துச்சு, பட்டு அப்படி இருக்காது, அலசாத சோப்பு காஞ்சா அப்படி இருக்கும். ரெண்டாவது, லென்ஸ்ல பாத்தா கறையோட ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு, சோப்புத் தண்ணி பரவி நின்ன எல்லை அது. மூணாவதுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது, கறைக்கு உள்ள அங்கங்க நீளமா, ஒரு பக்கம் கூரா, சரியா அரிசி அளவுக்கு கொஞ்சம் அழுத்தமான அடையாளம் இருந்துச்சு. லென்ஸ என்கிட்டயும் குடுத்தாங்க, பாத்தா நெசமாவே அரிசிதான், யாரோ அச்சு குத்துன மாதிரி.

அட்சதைல மஞ்சளோட கொஞ்சம் நெய் சேத்துப் பிசைவாங்க, மஞ்சள் அரிசியில ஒட்டுறதுக்கு. அது தோள்ல விழுது, அதுக்கு மேல மாலை, அதுவும் நல்ல கனமான மாலை, மண்டபத்துக்குள்ள வேர்வை, ஓமப் புகை, அந்த கனம் அரிசிய சட்டையோட அழுத்திப் பிடிச்சிருக்கு. நெய் உள்ள இறங்குது, அதோட மஞ்சளும் இறங்குது. மாலை எந்த இடத்துல படுமோ அந்த இடத்துல மட்டும் கறை இருந்ததுக்கு காரணம் அதான்.

குங்குமமா இருந்தா? ரெண்டும் செவப்புதானே, எப்படி பிரிக்கிறது?

வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணி மூணு பங்கு. இயர் பட்ஸ்ல தொட்டு, கறையோட ஓரத்துல, கண்ணுக்குப் படாத பக்கமா ஒரே ஒரு புள்ளி. செவப்பு மறைஞ்சு மஞ்சளாச்சுன்னா மஞ்சள். அப்படியே செவப்பா நின்னா இப்ப கடையில விக்கிற சாயக் குங்குமம், அதுக்கு ரூட்டே வேற. அக்கா புள்ளி வச்சாங்க, நாங்க மூணு பேரும் தலைய நீட்டிப் பாத்தோம், ரெண்டு செகண்ட்ல மஞ்சளாயிருச்சு. மாப்ள "ஐயோ போயிருச்சு!"ன்னு கத்திட்டாரு. போகல. அதுக்கு கீழ வரேன்.

ஒரு சின்ன சிக்கல் இருக்கு, வீட்ல பழைய முறைப்படி மஞ்சளையே வெண்காரம் எலுமிச்சை எல்லாம் போட்டு குங்குமமா செய்றவங்க இருக்காங்க, அதுவும் இந்த டெஸ்ட்ல மஞ்சளா மாறலாம். பரவால்ல, அடிப்படையில அதுவும் மஞ்சள்தானே, அதே வைத்தியம்தான்.

காஞ்ச குங்குமத் தூள் துணி மேல உக்காந்திருந்தா தண்ணியே காட்டாதீங்க, முதல்ல உதறுங்க, மெல்லிசான பிரஷ்ல தட்டி எடுங்க. லில்லி பூ மகரந்தத்துக்கும் முதல்ல தண்ணி வேணாம், ஆனா அத கையால தட்டக்கூடாது, செலோ டேப்ப வச்சு ஒத்தி எடுக்கணும்.

கள்ளநோட்டு பாக்குற லைட்டுல சட்டைய பாத்தீங்களாமே, அது எதுக்கு?

கவுண்டர்ல ஐநூறு ரூபா நோட்டு பாக்க ஒரு ஊதா லைட் வச்சிருக்கோம். குர்குமினுக்கு அந்த வெளிச்சத்துல பச்சை கலந்த மஞ்சளா ஒளிருற குணம் இருக்கு, சாதாரண வெளிச்சத்துல கண்ணுக்குத் தெரியாத மிச்சம் கூட இருட்டுல லைட்ட காட்டுனா தெரியும். ஷட்டர பாதி இறக்கிட்டு பாத்தோம், முன்பக்க கறை மட்டும் இல்ல, காலர் பின்னாடி ரெண்டு அரிசி புள்ளி, இடது கை மடிப்புல ஒண்ணு, எல்லாம் மினுங்குச்சு. அக்கா அத எல்லாம் சுத்தி வெள்ளை நூல்ல ஒரு சின்ன தையல் போட்டு அடையாளம் வச்சாங்க, பேனாவால வட்டம் போடக்கூடாதுன்னு திட்டவும் செஞ்சாங்க.

ஆனா இத மட்டும் நம்பி தீர்ப்பு சொல்லக்கூடாது. சலவைத்தூள்ல வெண்மைக்குன்னு போடுற பொருள் நீலமா ஒளிரும், அது நெறைய இருந்தா மஞ்சள அமுக்கிடும். அதனால எங்க இருக்குன்னு தேடுறதுக்கு மட்டும் லைட்டு, என்னன்னு முடிவு பண்றதுக்கு வினிகர் புள்ளி.

சரி, என்னென்ன போட்டாங்க? வரிசையா சொல்லுங்க, எங்க வீட்லயும் ஒரு சட்டை கிடக்கு

முதல்ல இது நெசப் பட்டுதானான்னு பாத்தாங்க. உள் தையல்ல இருந்து ஒரு நூல் உருவி தீப்பெட்டியில காட்டுனா, முடி கருகுற வாசனை வந்து, சாம்பல் விரல்ல பொடியாச்சுன்னா பட்டு, உருகி குண்டுமணியா கெட்டியாச்சுன்னா பாலியஸ்டர். இது பட்டு. அதுக்கு அப்புறம் சட்டையோட கீழ்மடிப்புக்கு உள்பக்கம் போட்டு பாக்கப்போற எல்லாத்தையும் ஒவ்வொரு சொட்டு வச்சு, காய விட்டு, கலர் போகுதான்னு பாத்தாங்க. இதுக்கே ஒரு மணி நேரம் போச்சு. மாப்ள டீ குடிச்சிட்டு வந்து "ஆரம்பிக்கலையாண்ணே"ன்னாரு, இதுதான் தம்பி ஆரம்பம்னேன்.

அப்புறம் காஞ்ச சோப்ப வெளியேத்துறது. சோப்பு உள்ள இருக்குற வரைக்கும் மஞ்சள் செவப்பாவே நிக்கும், நகந்துகிட்டும் இருக்கும். அதனால வெறும் தண்ணிய முதல்ல ஊத்தல, அந்த வினிகர் தண்ணியையே பஞ்சுல நனைச்சு வெளி ஓரத்துல இருந்து நடுவுக்கு ஒத்தி ஒத்தி வந்தாங்க, செவப்பு அப்படியே சுருங்கி மஞ்சளாச்சு. நகர்றது நின்னுச்சு. அதுக்கு மேல சட்டைய முழுசா பச்சத்தண்ணியில நனைச்சு அலசுனாங்க, ஏன் முழுசான்னா, பட்டுல ஒரு இடத்த மட்டும் நனைச்சா காய்ஞ்சதும் ஓரம் வட்டமா தண்ணிக் கோடு விழும், கறை போனாலும் அந்தக் கோடு போகாது.

லேசா ஈரம் இழுத்ததும் கறைக்கு அடியில ரெண்டா மடிச்ச வெள்ளை டவல், சட்டைய உள்பக்கம் மேல வர்ற மாதிரி கவுத்துப் போட்டு, மெடிக்கல் ஷாப்ல விக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட பஞ்சுல எடுத்து பின்னாடி இருந்து ஒத்தினாங்க. குர்குமின் சாராயத்துல கரையும்னு சொன்னேன்ல, அது கரைஞ்சு கீழ டவலுக்கு இறங்குது. டவல தூக்கிப் பாத்தா எலுமிச்சை சாதம் சிந்துன மாதிரி மஞ்சள். டவல நகத்தி சுத்தமான இடத்த வச்சு மறுபடி ஒத்தணும், நகத்தாம அதே இடத்துல ஒத்துனா எடுத்த கறைய திரும்ப சட்டைக்கே குடுக்குறோம்னு அர்த்தம். டவல்ல மஞ்சள் இறங்குறது நிக்கிற வரைக்கும் பண்ணாங்க. ஸ்பிரிட் தீப்பிடிக்கிற சரக்கு, அதனால பக்கத்துல இருந்த அயர்ன் பாக்ஸ ஆஃப் பண்ணி, ஜன்னல தொறந்து வச்சுட்டுதான் எடுத்தாங்க.

நெய்யோட மிச்சத்துக்கு, ஸ்வெட்டருக்கு போடுற மாதிரியான காரம் இல்லாத லிக்விட், ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு மூடி, கையால அமுக்கி விட்டு எடுத்து, தண்ணி தெளியிற வரைக்கும் அலசல். இதுக்கு அப்புறம் பாத்தா செவப்பு சுத்தமா இல்ல, நெஞ்சுப் பக்கம் ஒரு மெல்லிசு மஞ்சள் நிழல் மட்டும் இருந்துச்சு.

இவ்ளோ நேரம் ஒத்துறதுக்கு பதிலா நல்லா தேய்ச்சிருந்தா சீக்கிரம் போயிருக்காதா?

கறை போயிருக்கும், சட்டையும் போயிருக்கும். ஈரப் பட்டு ரொம்ப பலவீனம். ஈரத்துல தேய்ச்சா இழை மேல மேல உடைஞ்சு பஞ்சு பஞ்சா எழும்பும், காய்ஞ்சதும் அந்த இடம் வெளுத்து சுண்ணாம்பு பூசுன மாதிரி தெரியும். கறைன்னு நெனச்சு இன்னும் தேய்ப்பாங்க, இன்னும் வெளுக்கும். இத சரி பண்ண வழியே கிடையாது, எந்த கடைக்கு போனாலும் கிடையாது. சின்னம்மா தேய்ச்ச இடத்துல லென்ஸ் வச்சு அக்கா முதல்ல பாத்ததே இதத்தான், நல்லவேளை லேசாதான் எழும்பியிருந்துச்சு.

வினிகர் போட்டதுமே செவப்பு போயிருச்சே, மீதி மஞ்சள் சந்தன கலர்ல தெரியவும் தெரியாது, அதோட விட்டிருக்கலாமே?

இந்தக் கேள்விதான் ரொம்ப பேரு கேக்குறது. வீட்டு வைத்தியம்னு எலுமிச்சம்பழம் தேய்ங்கன்னு சொல்றவங்க எல்லாம் ஏமாந்து போறதும் இங்கதான். எலுமிச்சையோ வினிகரோ மஞ்சள எடுக்குறது இல்ல, கலர மட்டும் திருப்புது. சாயம் முழுசா அங்கேயே இருக்கு. சட்டை பளிச்சுன்னு தெரியும், சந்தோஷமா பீரோல வைப்பாங்க, அடுத்த தடவை யாராவது சாதாரண சோப்பு பவுடர்ல போட்டதும் அதே இடத்துல அதே செவப்பு திரும்ப எழுந்து வரும். "உங்க கடையில குடுத்தோம், கறை திரும்ப வந்துருச்சு"ன்னு எங்ககிட்டயே சண்டைக்கு வருவாங்க, வந்திருக்காங்க.

அதனால அக்கா கடைசியா ஒரு பரிட்சை வைப்பாங்க. ஒரு டம்ளர் தண்ணியில கால் ஸ்பூன் சமையல் சோடா, இயர் பட்ஸ்ல தொட்டு, கறை இருந்த இடத்துல ஒரு புள்ளி. செவந்தா மிச்சம் இருக்கு. செவக்கலைன்னா வேலை முடிஞ்சது. ரெண்டுல எது ஆனாலும் உடனே அந்த புள்ளி மேல வினிகர் தண்ணி வச்சு காரத்த அடக்கி, அலசிடணும், பட்டு மேல காரம் நிக்க விடக்கூடாது. அன்னைக்கு முதல் பரிட்சைல காலர்ல செவக்கல, கையில செவக்கல, நெஞ்சுல மட்டும் லேசா ரோஸ் கலர்ல ஒரு புள்ளி வந்துச்சு. மாப்ள மூஞ்சிய பாக்கணுமே.

அப்ப ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டிருக்கலாமே? இன்டர்நெட்ல எல்லாம் அதத்தான சொல்றாங்க

தப்பில்ல, பட்டுக்கு குளோரின் பிளீச்சுதான் எமன், பெராக்சைடு தாங்கும். பட்டு வந்து முடி மாதிரி புரதம், குளோரின் பிளீச் அதையே அரிச்சு மஞ்சளாக்கி ஓட்டை விழ வச்சிடும், ஒரு சொட்டு கூட வேணாம். பெராக்சைடு நம்ம மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிறது பெரும்பாலும் 6 சதவீதம், அதுல சமமா தண்ணி கலந்தா 3 சதவீதம், அந்த அளவுல வெள்ளைப் பட்டுக்கு போடுவோம்.

ஆனா இந்த சட்டைக்கு அக்கா போடல. காரணம், கீழ்மடிப்புல வச்ச டெஸ்ட் சொட்டு காய்ஞ்சப்ப அந்த இடத்துல சந்தன கலர் அரை ஷேட் குறைஞ்சிருந்துச்சு. அதாவது மஞ்சளோட சேத்து சட்டையோட சொந்தச் சாயத்தையும் அது தின்னும். நெஞ்சு நடுவுல வெளுத்த வட்டத்தோட மாப்ள போனா, அத்தை "இது என்ன கறை"ன்னு கேக்க மாட்டாங்க, "இது என்ன ஒட்டு"ன்னு கேப்பாங்க. இன்னொண்ணு, பெராக்சைடுக்கு வேகம் ஏத்த அம்மோனியா சேக்குற பழக்கம் சில கடையில இருக்கு, அது காரம், மஞ்சள் மறுபடி செவந்து ஓடும். வினிகரையும் பெராக்சைடையும் ஒரே பாத்திரத்துல கலக்கவும் கூடாது, எரிச்சல் குடுக்குற வேற அமிலம் உண்டாகும். வினிகரோட குளோரின் பிளீச் சேந்தா விஷ வாயுவே வரும், அத நெனச்சு கூட பாக்காதீங்க.

பட்டுத்துணிய வெயில்ல காயப்போடவே கூடாதுன்னு எங்க பாட்டி சொல்லுவாங்க, நீங்க எப்படி வெயில்ல போட்டீங்க?

பாட்டி சொன்னது சரி. வெயில் பட்ட நார் பலம் குறையும், மஞ்சளாகும், சாயமும் வெளுக்கும். ஆனா குர்குமினுக்கும் வெளிச்சம் ஆகவே ஆகாது, பட்ட விட அது முன்னாடி உடையும். வெள்ளை வேட்டில சாம்பார் கொட்டுனா ஈரத்தோட வெயில்ல போடுறது நம்ம வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே. யாரு முதல்ல தோக்குறாங்கன்ற அந்த இடைவெளிலதான் அக்கா வேலை பாத்தாங்க.

எப்படின்னா, ரெண்டு மடிப்பு வெள்ளை வேட்டித் துணியில கறை அளவுக்கு ஒரு ஓட்டை வெட்டி, சட்டை மேல விரிச்சு, ஓட்டை வழியா அந்த நிழல் மட்டும் தெரியிற மாதிரி வச்சாங்க. அந்த இடத்துல வெறும் தண்ணி தெளிச்சு ஈரமா வச்சு, மொட்டை மாடியில காலை வெயில்ல இருபது நிமிஷம், எடுத்து நிழல்ல பாக்குறது, மறுபடி ஈரம், மறுபடி இருபது நிமிஷம். மதிய வெயில்ல போடல. நான் ஒரேயடியா ரெண்டு மணி நேரம் போட்டுட்டு வரலாமேன்னு கேட்டேன், போட்டுட்டு நீ வேற வேலைய பாப்ப, சட்டை தன் வேலைய பாக்கும்னாங்க. மறுநாள் காலையிலயும் அதே மாதிரி. அதுக்கு அப்புறம் வச்ச சோடா புள்ளி செவக்கல.

இவ்ளோ மெனக்கெடாம ட்ரை வாஷ் மெஷின்ல போட்டிருந்தா போயிருக்காதா?

ட்ரை வாஷ் சால்வென்ட் நெய்ய எடுக்கும், அதுல கெட்டிக்காரன். மஞ்சள் சாயத்த பெருசா எடுக்காது, சோப்பு பட்டு செவந்த மஞ்சள சுத்தமா எடுக்காது. அதோட மெஷின்ல காய்ச்சுற சூடு வேற மிச்சத்த உள்ள பிடிக்க வச்சிடும். அதனாலதான் எந்த கடையா இருந்தாலும் கறை முதல்ல டேபிள்ல எடுக்கணும், அப்புறம்தான் மெஷின். கவுண்டர்ல "ட்ரை வாஷ்ல போட்டா எல்லாம் போயிரும் சார்"னு சொல்லி வாங்கிப் போட்டாங்கன்னா கொஞ்சம் யோசிங்க.

தண்ணில போட்டதுலயும் ரிஸ்க் இருந்துச்சு, மறைக்க விரும்பல. காலர்லயும் பட்டன் பட்டிலயும் உள்ள ஒட்டு கேன்வாஸ் இருக்கும், சில சட்டைல தண்ணி பட்டா அது விட்டுப்போய் காலர் கொப்புளம் கொப்புளமா எழும்பும். அக்கா மாப்ளகிட்ட முன்னாடியே அத சொல்லி, பில்லுலயும் எழுதி, கையெழுத்து வாங்குனதுக்கு அப்புறம்தான் நனைச்சாங்க. இந்த சட்டைல காலர் நல்லா நின்னுச்சு.

என்னோடது வெள்ளை காட்டன் சட்டை, அதுக்கும் இதே பாடா?

அய்யய்யோ இல்ல. காட்டன் காரத்த தாங்கும், தேய்ப்ப தாங்கும், வெயில தாங்கும். முதல்ல ஸ்பிரிட், அப்புறம் நல்லா சோப்பு போட்டு துவைங்க, செவக்கும், பயப்படாதீங்க, அலசுங்க, ஈரத்தோட நல்ல வெயில்ல போடுங்க. ரெண்டு மூணு தடவைல போயிரும். பட்டுக்கும் கம்பளிக்கும்தான் இவ்ளோ பவ்யம். என்சைம் போட்ட சலவைத்தூளையும் இந்த ரெண்டுக்கு மட்டும் தவிர்த்துடுங்க, புரதக் கறைய தின்னுறதுக்கு போடுறது புரதத் துணியையும் கொஞ்சம் கொஞ்சமா தின்னும்.

ஜரிகை பார்டர் இருந்தா?

ஜரிகை மேல வினிகரும் வேணாம் பெராக்சைடும் வேணாம், உலோகம் கருத்துடும். கறை ஜரிகைய தொட்டுகிட்டு இருந்தா வீட்ல கை வைக்காதீங்க. மாப்ள சட்டைல ஜரிகை இல்ல, வேட்டிலதான் இருந்துச்சு, அத அவரு கொண்டு வரவே இல்ல.

அயர்ன் பண்ணிட்டேன் அண்ணே, அதுக்கு அப்புறம்தான் கறைய பாத்தேன். போகுமா?

கஷ்டம்தான், முடியாதுன்னு சொல்லல. சூடு நெய்ய உருக்கி இன்னும் உள்ள இறக்கியிருக்கும். ஸ்பிரிட் வேலை பல மடங்கு நேரம் எடுக்கும், நிழல் கொஞ்சம் நிக்கலாம்னு மனச தயார் பண்ணிக்கங்க. அயர்ன் பண்ணதுக்கு அப்புறம் பழுப்பா ஒரு கறை புதுசா முளைச்சிருந்தா அது மஞ்சளே இல்ல, பெரும்பாலும் சர்க்கரை, ஜூஸோ பாயசமோ சிந்தி நிறமில்லாம காஞ்சிருக்கும், சூடு பட்டதும் கருகிருக்கும்.

கடைசில சட்டை முழுசா சரியாச்சா இல்லையா? காசு எவ்ளோ?

தொண்ணூத்தஞ்சு சதவீதம்னு வச்சுக்கலாம். ஜன்னல் வெளிச்சத்துல, கோணமா பிடிச்சுப் பாத்தா, சின்னம்மா தேய்ச்ச இடத்துல பளபளப்பு ஒரு துளி மங்கலா தெரியும், அது கறை இல்ல, இழை எழும்புனது. அக்கா அத மாப்ளைக்கு விரல வச்சுக் காட்டுனாங்க, நான் எதுக்குக்கா காட்டுறீங்கன்னு கண்ண காமிச்சேன், கேக்கல. உள்பக்கம் கவுத்துப் போட்டு, லேசா ஈரம் இருக்கும்போதே மேல ஒரு காட்டன் துணி வச்சு, பட்டுக்கு இருக்குற குறைஞ்ச சூட்டுல அயர்ன். மறுவீட்டு அன்னைக்கு காலையில வந்து வாங்கிட்டு போனாரு.

காசு விஷயத்துல அக்காவுக்கும் முதலாளிக்கும் ஒரு சின்ன சண்டை. முதலாளி பட்டு சட்டைக்கு போடுற சாதாரண ரேட்ட மட்டும் போடச் சொன்னாரு, கல்யாண வீடு, நல்ல பேரு வரும்னு. ரெண்டு நாள் வேலைக்கு கறை சார்ஜ் தனின்னு அக்கா. அக்கா சொன்னதத்தான் பில்லுல போட்டேன், மாப்ள ஒரு வார்த்தை பேசாம கொடுத்துட்டு, அக்காவுக்கு தனியா ஒரு தாம்பூலப் பையும் குடுத்தாரு. உள்ள தேங்காயோட ஒரு சின்ன மஞ்சள் பாக்கெட்டும் இருந்துச்சு, அக்கா அத எடுத்து என் கையில குடுத்து, துணி மேஜை பக்கம் கொண்டு வந்துராதன்னாங்க.

என்ன கறைன்னே தெரியாம கடைக்கு கொண்டு வந்தா என்ன சொல்லணும்?

என்ன கறைன்னு சொல்ல வேணாம், அத நாங்க பாத்துக்குறோம். நீங்க அது மேல என்ன போட்டீங்கன்னு சொல்லுங்க. சோப்பு, எலுமிச்சை, பல்பொடி, சானிடைசர், சுடுதண்ணி, எதுவா இருந்தாலும். திட்டுவாங்கன்னு மறைக்கிறதுதான் எங்களுக்கு பாதி வேலைய கூட்டுது. அப்புறம் எந்த நிகழ்ச்சி, சட்டை மேல என்ன இருந்துச்சு, மாலையா, குழந்தைய தூக்குனீங்களா, பந்தில பரிமாறினீங்களா, அதையும் சொல்லுங்க. ஒண்ணும் போடாம, நனைக்காம, மடிக்காம, கறை வெளிய தெரியிற மாதிரி ஒரு வெள்ளைத் துணியில சுத்தி அன்னைக்கே கொண்டு வந்தீங்கன்னா ரொம்ப நல்லது. ஞாயித்துக்கிழமை மட்டும் வேணாம், அன்னைக்கு அக்கா லீவு, நானும் அயர்ன் அண்ணனும்தான் இருப்போம்.